ரவிக்கைக் கை பிடிக்கிறதா?



என் அண்ணன் மகள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கல்லூரியில் குண்டு எறிந்தவள், இன்றும் விடாமல் பயிற்சி செய்கிறாள். மார்பளவு 34 அங்குலம்தான், ஆனால் கை மட்டும் நல்ல திரண்ட கை. பள்ளியில் புடவைதான் கட்ட வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பிள்ளைகளுக்குப் பந்து வீசிக் காட்டக் கையைத் தூக்கியவளுக்கு அக்குளில் தையல் ‘சர்’ரென்று விட்டுவிட்டது. அன்று முழுவதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருக்கிறாள் பாவம்.

“அத்தை, மூணு ஜாக்கெட் தைச்சாச்சு. மூணும் இதே கதி. தையல்காரர் என் கைதான் பெரிசுங்கறார்” என்று என்னிடம் வந்தாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

“உன் கைமேல குத்தமில்லடி, அளவெடுத்ததுலதான் குத்தம்” என்று டேப்பைக் கையில் எடுத்தேன்.

முதலில் பழைய ரவிக்கையை அளந்து பார்த்தேன். அக்குளுக்குக் கீழே கையின் சுற்று 13½ அங்குலம் இருந்தது. அவள் கையைத் தொங்கவிட்டபோது புஜத்தின் சுற்று 12½. ஒரு அங்குலம் லூஸ் விட்டுத்தானே தைத்திருக்கிறார், பின் ஏன் பிடிக்கிறது? “கையை மடக்கி, முஷ்டியை இறுக்கிப் பிடி” என்றேன். சதை திரண்டு எழும்பியது. இப்போது அளந்தால் 13½! அதாவது கையை மடக்கிய நிமிஷத்தில் துணிக்கும் சதைக்கும் நடுவே இம்மியளவு இடம்கூட இல்லை. தையல் விடாமல் என்ன செய்யும்?

ஆகவே உழைத்து உரமேறிய கை உள்ளவர்கள், கையை மடக்கி முஷ்டி பிடித்துத்தான் புஜத்தை அளக்க வேண்டும். அக்குளுக்குக் கீழே டேப்பைச் சுற்றி, மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, எங்கே அதிகம் காட்டுகிறதோ அந்த அளவை எழுதுங்கள். இரண்டு கையையும் அளவெடுங்கள். பெரும்பாலும் வலது கை சற்றுப் பருமனாக இருக்கும். பெரிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் போல் சதைப்பிடிப்பான, மிருதுவான கை உள்ளவர்களுக்கு வேறு தொல்லை. மடக்கினாலும் நீட்டினாலும் அளவில் அதிக வித்தியாசம் வராது. ஆனால் டேப்பை இறுக்கினால் சதை உள்ளே அமுங்கி, அளவைக் குறைத்துக் காட்டிவிடும். டேப் தோலைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், பள்ளம் விழக்கூடாது. கையை உடம்போடு ஒட்டி வைத்தாலும் சதை நசுங்கும், அதனால் சற்று விலக்கி வைத்துக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள்.

சரி, அளவு கிடைத்துவிட்டது. பருத்தி ரவிக்கைக்கு அதோடு 1½ அங்குலம் கூட்டுங்கள். அவளுக்கு 13½-உடன் 1½ சேர்த்து 15 அங்குலம். இது தைத்து முடித்தபின் இருக்க வேண்டிய சுற்று. தையலுக்கு விடும் துணி தனி.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறோம். கையின் அகலத்தை மட்டும் கூட்டி வெட்டினால், கையின் மேல் வளைவும் நீண்டுபோய், உடம்புத் துண்டின் அக்குள் வளைவோடு பொருந்தாது. சுருக்கம் வைத்துத் திணிக்க வேண்டி வரும். அகலம் கூடும்போது மேல் வளைவின் உயரம் குறைய வேண்டும். இதற்குக் கணக்குப் போட வேண்டாம், ஸ்கேலே சொல்லிவிடும்.

உடம்புத் துண்டுகளில் அக்குள் வளைவை முன்னும் பின்னும் சேர்த்து, தையல் வரும் கோட்டிலேயே அளங்கள். அவளுக்கு 16 வந்தது, அதில் பாதி 8. கைக்கான துணியை இரண்டாக மடித்து, மடிப்பு இடப்பக்கம் இருக்குமாறு போடுங்கள். மடிப்பிலிருந்து குறுக்கே ஒரு கோடு போட்டு, கைச்சுற்றில் பாதியான 7½ அங்குலத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியில் ஸ்கேலின் முனையை வைத்து, 8 அங்குலக் குறி மடிப்பைத் தொடும்வரை மேல்நோக்கிச் சாய்த்துக்கொண்டே போங்கள். தொடும் இடம்தான் கையின் உச்சி. குறுக்குக் கோட்டிலிருந்து உச்சி வரை 2¾ அங்குலம் வந்தது. அவளுடைய பழைய 13½ அங்குலக் கையை இதே மாதிரி போட்டுப் பார்த்தால் 4¼ அங்குலம் வருகிறது. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

சாய்வுக் கோட்டை ஒட்டி, உச்சியருகே வெளியே புடைத்தும், அக்குளருகே உள்ளே குழிந்தும் வளைவு வரையுங்கள். உச்சிக்கு உயரம் 2½ அங்குலத்துக்கும் கீழே வந்தால், கையைத் தொங்கவிடும்போது அக்குளில் துணி கொசகொசவென்று மடியும். அப்படி வந்தால் உடம்புத் துண்டில் அக்குள் வளைவையே அரை அங்குலம் கீழிறக்கி வெட்டிவிட்டு, மறுபடி அளந்து வரையுங்கள்.

அவளுக்கு முக்கால் கை வைக்க ஆசை. “முன்கையையும் காட்டு” என்றேன். முழங்கையை மடக்கியபடி அதைச் சுற்றி அளந்ததில் 11½. முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே பருத்த இடத்தில், முஷ்டி பிடித்தபடி 10¾. துணி முடிய வேண்டிய இடத்தில் 9½. இந்த 9½-ஐ வைத்துக் கைவிளிம்பை வெட்டினால் மோசம் போவோம். ஏனென்றால் முழங்கையை மடக்கும்போது விளிம்பு ஒரு அங்குலம் போல மேலே ஏறும், ஏறும் இடம் இன்னும் பருமன். அதனால் ஒரு அங்குலம் மேலே தள்ளி அளந்தேன். 10¼ இருந்தது. அதோடு ஒரு அங்குலம் கூட்டி, விளிம்புக்கு 11¼ வைத்தேன். முழங்கை இருக்கும் இடத்தில் 12½.

துணியை வெட்டுமுன் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, விட்ட லூஸ் போய்விடும். அக்குளிலிருந்து விளிம்பு வரை உள்ளே ஒரு அங்குலம் துணியும் விட்டேன்.

மிஷினில் போடுமுன் ஓட்டுத்தையல் போட்டு மாட்டிப் பார்த்துவிடுங்கள். புஜத்தில் துணியைக் கிள்ளினால் முக்கால் அங்குலம் எழும்ப வேண்டும். இரண்டு மடிப்பாகக் கிள்ளுகிறோம், ஆக 1½ அங்குலம் லூஸ் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கைக்குக் குறுக்கே கோடு கோடாகச் சுருக்கம் விழுந்தால் சுற்று போதவில்லை. கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலே இழுபட்டால் உச்சி உயரம் அதிகம்.

ஏற்கெனவே தைத்த ரவிக்கை பிடித்தால், உள்ளே துணி இருந்தால் பிரித்து விடலாம். ஆனால் கையை மட்டும் பிரிக்காதீர்கள். உடம்பின் பக்கத் தையலையும் அக்குளில் அதே அளவு பிரித்து விட்டால்தான் இரண்டும் பொருந்தும்.

போன ஞாயிறன்று புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்தாள். பரணிலிருந்த என் பித்தளை அண்டாவை இரண்டு கையாலும் தூக்கி இறக்கி வைத்தாள். நான் அவள் அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தேன். “விடலை அத்தை!” என்று சிரித்தாள். மற்ற மூன்று ரவிக்கைகளையும் பையில் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டில் உள்ளே துணி இருக்கிறது. மூன்றாவது, அவள் தங்கைக்குத்தான்!