இருபது சதவீதம் எதற்கு ஈடு?

போன வாரம் தங்கை மகன் போன் பண்ணினான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சென்னையில் வேலை. கார் நிக்கோபாருக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறதாம். "மாமா, அங்க போனா அடிப்படைச் சம்பளத்துல 20 சதவீதம் தனியா தர்றாங்க. லாபம்தானே? நீங்க அங்க இருந்தவராச்சே, சொல்லுங்க" என்றான்.

அவன் சொன்னது தீவுச் சிறப்புப் பணிப்படி. போர்ட் பிளேரைச் சுற்றி இருந்தால் 10 சதவீதம், வடக்கு, மத்திய அந்தமானில் 16, நிக்கோபார் தீவுகளில் 20. எவ்வளவு கஷ்டமான இடமோ அவ்வளவு அதிகம்.

"ஒரு காகிதம் எடுத்துக்கோ" என்றேன். அவனுக்கு அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய். 20 சதவீதம் என்றால் 8,000. இது வரவு.

இப்போது கழித்தலுக்கு வருவோம். சென்னையில் வீட்டு வாடகைப்படி 30 சதவீதம், அதாவது 12,000. சிறிய ஊர்களில் 10 சதவீதம், 4,000. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய் அந்த ஊர் வாடகைப்படியை வாங்கினால் 8,000 குறையும். வந்த 8,000 அப்படியே போயிற்று. போக்குவரத்துப்படியும் சென்னையில் அவன் நிலைக்கு 3,600, மற்ற ஊர்களில் 1,800. அதன் மேல் வரும் அகவிலைப்படியை 50 சதவீதம் என்று வைத்தால் இன்னும் 2,700 குறைவு. ஆக, கஷ்டமான இடத்துக்குப் போய்ச் சென்னையில் வாங்கியதைவிடக் குறைவாக வாங்குவான்!

குடும்பத்தைச் சென்னையிலேயே விட்டுப் போகிறவர்களுக்குப் பழைய ஊர் வாடகைப்படியைத் தொடரும் சலுகை உண்டு. அது நடப்பில் இருக்கிறதா, தனக்குப் பொருந்துமா என்று அவன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பொருந்தினால் மிச்சம் 5,300 ரூபாய். அதிலும் வருமான வரி உண்டு, ஓய்வூதியக் கணக்கில் அது சேராது. இரண்டாவது அடுப்பு, இரண்டாவது மளிகைக் கணக்கு, ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாம் அதற்குள்தான். நான் இருந்த காலத்தில் காய்கறி கப்பலில் வரும். கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் உருளைக்கிழங்கும் பருப்பும்தான்.

இன்னொன்றும் எனக்கு அன்றே உறுத்தியது. சதவீதக் கணக்கில் லட்ச ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கும் அதிகாரிக்கு 20,000, இருபத்தைந்தாயிரம் வாங்கும் கடைநிலை ஊழியருக்கு 5,000. இருவர் மேலும் பெய்வது ஒரே மழை, இருவரும் காத்திருப்பது ஒரே கப்பலுக்கு. வேறு சில கடினமான இடங்களுக்குத் தரும் படி நிலையான தொகை. ஊதிய நிலையைப் பொறுத்து இரண்டே விகிதம், வித்தியாசமும் கொஞ்சம்தான். அதுவே நியாயம் என்பது என் கட்சி.

இதெல்லாம் காகிதத்தில் அடங்கும் கணக்கு. அடங்காத ஒன்றையும் அவனிடம் சொன்னேன்.

என்னை அனுப்பும்போது இரண்டு வருடம் என்றார்கள். இரண்டு வருடம் முடிந்தது. என் இடத்துக்குப் போடப்பட்டவர் யாரையோ பிடித்து உத்தரவை ரத்து செய்துகொண்டார். அடுத்தவர் மருத்துவ விடுப்பில் போனார். "மாற்று ஆள் வந்ததும் விடுவிக்கிறோம்" என்று கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் வருடம் ஐப்பசியில், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி. போர்ட் பிளேருக்குக் கப்பல் நான்கு நாள் கழித்து. அங்கிருந்து சென்னைக் கப்பலுக்குக் காத்திருப்பு, பிறகு மூன்று நாள் கடல். நான் வீட்டு வாசலை மிதித்தபோது பதினோராம் நாள் காரியம் முடிந்திருந்தது. தம்பிதான் கொள்ளி வைத்தான். முதல் இரண்டு வருடத்தில் அது நடந்திருந்தால், தெரிந்து ஒப்புக்கொண்ட கஷ்டம் என்று மனதைத் தேற்றியிருப்பேன். அந்த மூன்றாம் வருடத்துக்கு நான் ஒப்புக்கொள்ளவே இல்லை.

அதனால் சொல்கிறேன். படி எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. திரும்பும் தேதி எது, அந்த அலுவலகத்தில் இதற்கு முன் போனவர்கள் சொன்ன தேதியில் திரும்பினார்களா என்பதுதான் முதல் கேள்வி. கடைசியாகப் போன மூன்று பேரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. காலம் முடிந்த மறுநாளிலிருந்து, விடுவிக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் இந்தப் படியை இரட்டிப்பாக்கட்டும். இன்று தாமதத்தால் அலுவலகத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, எல்லாம் அங்கே கிடப்பவன் தலையில். செலவுக் கணக்கில் ஏறினால்தான் மாற்று ஆள் சீக்கிரம் கிடைப்பார்.

மருமகன் போவதென்றே முடிவு செய்திருக்கிறான். குடும்பம் சென்னையில்தான். நேற்று மறுபடி கூப்பிட்டான். "மூணு பேர்கிட்ட கேட்டேன் மாமா. ரெண்டு பேர் சரியா வந்துட்டாங்க. ஒருத்தர் இன்னும் அங்கதான் இருக்கார்."

அந்த ஒருவர் இடத்துக்குத்தான் இவன் போகிறான். சீக்கிரம் போய்ச் சேரு என்று மட்டும் சொன்னேன்.