கற்பித்ததற்குச் சான்று எங்கே?

உதவிப் பேராசிரியர் பணிக்கு வரும் விண்ணப்பங்களில் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது. கற்பித்தலுக்குக் கிடைப்பதோ ஒரு வரி: எந்தக் கல்லூரி, எத்தனை ஆண்டு. தேர்வாகிறவர் நாள்தோறும் செய்யப்போவது வகுப்பெடுப்பதும் மாணவர்களுக்கு வழிகாட்டுவதும்தான். அதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே கேட்காமல் ஆளெடுக்கிறோம். இது மாற வேண்டும். நடத்திய பாடங்கள், வழிகாட்டிய மாணவர்கள், கற்பிக்கும் முறை ஆகிய மூன்றையும் சான்றோடு காட்டும் கற்பித்தல் விவரக்குறிப்பு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கட்டாயமாக வேண்டும். அது படிக்கப்படவும் வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் இப்போதைய நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றன. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆட்களைச் சலித்தெடுக்க 100 மதிப்பெண் வகுக்கப்பட்டுள்ளது. முனைவர் பட்டத்துக்கு 30, முதுநிலைப் பட்டத்துக்கு அதிகபட்சம் 25, கட்டுரைகளுக்கு 10. கற்பித்தல் அனுபவத்துக்கும் 10 உண்டு. ஆனால் ஆண்டுக்கு 2 என்ற கணக்கில். ஐந்து ஆண்டு உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தியவருக்கும், ஐந்து ஆண்டு பழைய குறிப்பை வாசித்துவிட்டுப் போனவருக்கும் அதே 10தான். இறுதித் தேர்வோ நேர்காணலை மட்டுமே வைத்து நடக்கிறது. பணியில் சேர்ந்த பிறகான பதவி உயர்விலும், ஒதுக்கிய வகுப்புகளில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் எடுத்திருந்தால் கற்பித்தல் ‘நன்று’ என்று அதே விதிகள் சொல்கின்றன. வகுப்புக்குள் என்ன நடந்தது என்று எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்பதில்லை.

இப்படி ஓர் ஆவணம் கேட்பது புதுமையும் அல்ல. கனடாவின் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் 1980லேயே கற்பித்தல் கோப்பைத் தயாரிக்க வழிகாட்டி நூல் வெளியிட்டது. சுவீடனில் பேராசிரியர் நியமனத்தின்போது ஆய்வுத் திறனுக்குக் காட்டும் அதே கவனத்தைக் கற்பிக்கும் திறனை மதிப்பிடுவதிலும் காட்ட வேண்டும் என்று அரசாணையே சொல்கிறது.

நல்ல விவரக்குறிப்பு மூன்று, நான்கு பக்கங்களைத் தாண்ட வேண்டியதில்லை. நடத்திய பாடங்களைப் பொறுத்தவரை வெறும் பெயர்ப் பட்டியல் எதையும் சொல்லாது. எந்த ஆண்டு மாணவர்கள், எத்தனை பேர், வாரம் எத்தனை மணி, கட்டாயப் பாடமா விருப்பப் பாடமா, பாடத்திட்டத்தை வகுத்தவர் யார், வினாத்தாள் எடுத்தவர் யார் என்பவை ஒவ்வொரு பாடத்துக்கும் தெரிய வேண்டும். 70 பேர் கொண்ட முதலாண்டு வகுப்பும் 8 பேர் கொண்ட முதுநிலை வகுப்பும் வேறு வேறு வேலைகள். பல்கலைக்கழகம் தந்த பாடத்திட்டத்தை மாற்ற உரிமையற்ற கௌரவ விரிவுரையாளர் பின்தங்கிவிடாமல் இருக்க, அந்தப் பாடத்திட்டத்துக்குள் நின்று அவர் என்ன செய்தார் என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும்.

வழிகாட்டல் பகுதியில்தான் மிகைப்படுத்தல் அதிகம். ஒரே பருவத்தில் 30 முதுநிலைத் திட்டப்பணிகளுக்கு வழிகாட்டியதாக ஒருவர் எழுதினால், கையெழுத்திட்டாரா, வழிகாட்டினாரா என்று கேட்க வேண்டும். இளநிலைத் திட்டப்பணி, முதுநிலை ஆய்வேடு, முனைவர் பட்ட ஆய்வு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டட்டும். முதன்மை வழிகாட்டியா, இணை வழிகாட்டியா என்பதைச் சொல்லட்டும். முடித்தவர்கள், முடிக்கப்போகிறவர்கள் எண்ணிக்கையோடு பாதியில் விலகியவர்கள் எண்ணிக்கையையும் தரட்டும். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளின்படி உதவிப் பேராசிரியர் ஒரே சமயத்தில் 4 முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மேல் வழிகாட்ட முடியாது. ஆகவே பெரிய எண்ணைத் தேடுவதில் பொருளில்லை. மாணவருக்குத் தலைப்பு எப்படி அமைந்தது, எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்தித்தார்கள், சிக்கல் வந்தபோது வழிகாட்டி என்ன செய்தார் என்று ஒரேயொரு மாணவரைப் பற்றி, பெயரைக் குறிப்பிடாமல், ஒரு பத்தி எழுதினாலே போதும்.

மூன்றாவதான கற்பிக்கும் முறையில் ‘மாணவர் மையக் கற்பித்தல்’, ‘நவீனத் தொழில்நுட்பப் பயன்பாடு’ என்ற சொற்கள் எல்லா விண்ணப்பத்திலும் உண்டு; அவற்றை வைத்து யாரையும் எடைபோட முடியாது. மாறாக, இயற்பியல் விரிவுரையாளர் ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதலாண்டுச் செய்முறையில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடச் சொன்னால், எல்லாருடைய ரெக்கார்டு நோட்டிலும் பாடநூலில் உள்ள 9.8 அப்படியே வருகிறது. மாணவர்கள் விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அளவீடுகளை எழுதிக்கொள்கிறார்கள். ஆகவே அவர் மதிப்பெண் முறையை மாற்றினார். விடைக்கு மதிப்பெண் இல்லை. வகுப்பிலேயே பேனாவால் குறித்த அளவீட்டுக்கும் பிழைக் கணக்குக்கும்தான் மதிப்பெண். உடனே 9.59 போன்ற விடைகள் வரத் தொடங்கின. காரணம், மாணவர்கள் நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேல்விளிம்போடு நிறுத்தியிருந்தார்கள். 50 செ.மீ. நூலில் 1 செ.மீ. ஆரத்தை விட்டுவிட்டால் விடை ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும். அடுத்த வாரம் வெவ்வேறு நீளங்களுக்கு அலைவு நேரத்தின் வர்க்கத்தை வரைபடமாக்கச் சொன்னார். கோடு ஆதிப்புள்ளி வழியே போகவில்லை. விட்டுப்போன ஆரம் அங்கே தெரிந்தது. கோட்டின் சாய்வோ சரியான விடையைத் தந்தது.

இந்த ஒரு பத்தி, எழுதியவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது. மாணவர் எங்கே தடுக்குகிறார் என்று அவருக்குத் தெரிகிறது, பாடமும் தெரிகிறது, செய்ததைத் திருத்திக்கொள்ளவும் தெரிகிறது. பழைய மதிப்பெண் திட்டம், புதியது, பெயர் மறைத்த இரண்டு மாணவர் நோட்டுப் பக்கங்கள் ஆகியவற்றை இணைத்தால் அது சான்றாகிறது. மாணவர் கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு 4.6 வாங்கினேன் என்பதைவிட, அந்தப் படிவத்தில் வந்த ஒரு குறையைக் கேட்டு எதை மாற்றினேன் என்பது மேலான தகவல். தாராளமாக மதிப்பெண் போடுகிறவருக்கு மாணவர்களும் தாராளமாகவே போட்டுவிடலாம்.

இதற்கு எழக்கூடிய மறுப்பு நியாயமானது. மதிப்பெண் கணக்கு குருடாக இருந்தாலும் எல்லாருக்கும் பொது. எழுத்தை மதிப்பிடலாம் என்றால் சாதிக்கும் சிபாரிசுக்கும் பணத்துக்கும் கதவு திறக்காதா? இந்த அச்சம் வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஆனால் இறுதி முடிவை முழுவதுமாக நேர்காணல் அறைக்குள் விட்டிருக்கும் இப்போதைய முறையில்தான் அந்தக் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. விவரக்குறிப்பு எழுத்தில் இருப்பதால் பிறகு யாரும் கேட்டுப் பார்க்க முடியும். மதிப்பிடும் அளவுகோலை விளம்பரத்தோடே வெளியிட வேண்டும். வெளிக் கல்லூரியைச் சேர்ந்த இருவர், விண்ணப்பதாரரின் பெயர் தெரியாமல், தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். நேர்காணலுக்கு முன்பே அந்த மதிப்பெண்களை வெளியிட்டுவிட வேண்டும். பார்த்து எழுதியவரைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஊசல் பற்றி எழுதியவரிடம், கோடு ஏன் ஆதிப்புள்ளி வழியே போகவில்லை என்று கரும்பலகையில் விளக்கச் சொன்னால் போதும்.

மானியக் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதிகள், புதுமையான கற்பித்தலையும் மாணவர் திட்டப்பணி வழிகாட்டலையும் குறிப்பிடத்தக்க பங்களிப்புகளின் பட்டியலில் சேர்த்தன. துணைவேந்தர் நியமனம் குறித்த அந்த வரைவின் பிரிவுகளைத் தமிழகம் எதிர்த்தது சரியே. அந்த விவாதத்தில் இந்தப் பகுதி கவனிக்கப்படாமல் போனது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எதைச் சான்றாக ஏற்பது, யார் மதிப்பிடுவது என்று வரையறுக்காவிட்டால் அதுவும் சான்றிதழ் சேகரிப்பாகவே முடியும். இதற்கு டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். விண்ணப்பத்தோடு நான்கு பக்க விவரக்குறிப்பைக் கேட்கவும், நேர்காணலில் அதிலிருந்து ஒரு பாடத்தை 20 நிமிடம் நடத்தச் சொல்லவும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் எந்தத் தடையும் இல்லை. அடுத்து வெளியிடும் பணியிட விளம்பரத்திலேயே அதைச் சேர்க்கட்டும்.