மிச்சம் 21 எங்கே போனது?

உடுமலைப்பேட்டையில் வேதியியல் ஆசிரியர்கள் சிலர் பேசிக்கொண்டிருந்தபோது, சாய ஆலையில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "தொட்டியில மூட்டை மூட்டையா உப்பு கொட்டுறோம். அது 79 சதவீதம்தான் அயனின்னு நீங்க சொல்லிக்கொடுத்தீங்க. மிச்சம் 21 எங்க சார் போச்சு?" யாரிடமும் சட்டென்று பதில் இல்லை.

கணக்கில் பிழையில்லை. ஓர் எலெக்ட்ரான் அளவு மின்சுமை ஓர் ஆங்ஸ்ட்ராம் விலகி நின்றால் இருமுனைத் திருப்புத்திறன் 4.80 டிபை. சோடியம் குளோரைடின் பிணைப்பு நீளம் 2.36 ஆங்ஸ்ட்ராம். எனவே முழு அயனியாக இருந்தால் 11.3 டிபை வரவேண்டும், அளந்தது 9.0. வகுத்தால் ஏறத்தாழ 79 சதவீதம்.

ஆனால் இவ்விரு அளவுகளும் உப்பைச் சூடாக்கி ஆவியாக்கிய பின், தனித்தனி மூலக்கூறுகளில் எடுத்தவை. படிகத்தில் அந்த இடைவெளி 2.82 ஆங்ஸ்ட்ராம். அதைக் கணக்கில் போடும் மாணவருக்கு 66 சதவீதம் வரும். விடைத்தாளில் 66 கண்டால், படிகத்தின் நீளத்தையும் ஆவியின் திருப்புத்திறனையும் கலந்துவிட்டார் என்று புரிந்துகொள்ளலாம்.

இனி அந்த 2.3 டிபை குறைவு. குளோரைடு அயனியின் எலெக்ட்ரான் மேகம் இளகியது; பக்கத்திலுள்ள சோடியம் அயனி அதைத் தன் பக்கம் இழுக்கிறது. குளோரைடின் முனைவுறும் தன்மை சுமார் 3 கன ஆங்ஸ்ட்ராம். அதை நீளத்தின் இருமடியால் (5.57) வகுத்து 4.80ஆல் பெருக்கினால், எதிர்த்திசையில் 2.6 டிபை கிடைக்கிறது. குறைவு முழுவதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. சற்று மிஞ்சவும் செய்கிறது. கார உலோக ஹாலைடுகளை ரிட்னர் 1951இல் இவ்வழியில்தான் விளக்கினார். ஆக, 21 என்பது பங்கிட்ட எலெக்ட்ரானின் அளவன்று. பெரும்பாலும் உருக்குலைந்த அயனியின் தடம்.

இதே வழியை ஹைட்ரஜன் குளோரைடில் போட்டுப் பாருங்கள். நீளம் 1.27, முழு அயனிக்கு 6.1 டிபை, பாடநூல்கள் தரும் அளவு 1.03; 17 சதவீதம். முனைவுறுதலால் வரும் எதிர்த் திருப்புத்திறனோ 8.9 டிபை! முழு அயனிக்குரியதையே அது மிஞ்சுகிறது. புரோட்டான் குளோரின் மேகத்துக்குள்ளேயே புதைந்திருப்பதால் 'தனி அயனிகள்' என்ற படம் அங்கே உடைந்துபோகிறது. சகப்பிணைப்பு என்று சொல்ல அங்கே காரணம் உண்டு. ஆனாலும் அதே அமிலம் தண்ணீரில் கரைந்ததும் அநேகமாக முழுவதும் அயனிகளாகிவிடுகிறது. அதை 17 என்ற எண் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எனவே நம் வினாத்தாள்களில் 'ஆவி நிலை மூலக்கூறு' என்ற சொற்களைச் சேர்ப்போம். 100லிருந்து கழித்து 'மீதி சகப்பிணைப்பு' என்று எழுதும் விடைக்கு, காரணம் கேட்காமல் மதிப்பெண் போடவேண்டாம்.

அந்த மாணவருக்கான பதில்: மூட்டையிலுள்ள உப்பில் ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகள் சமச்சீராகச் சூழ்ந்து இழுப்பதால் மேகம் ஒருபக்கம் சாய்வதில்லை. தொட்டியில் அவை தண்ணீர் சூழப் பிரிந்தே நிற்கின்றன. அந்த 21 அவர் கொட்டிய உப்பில் இருந்ததே இல்லை.