நிலையான ஆட்சி என்ற பூச்சாண்டி

விகிதாச்சாரத் தேர்தல் வந்தால் கட்சிகள் சிதறும், ஆட்சி கவிழும். நான் திருத்தும் மாணவர் கட்டுரைகள் பலவும் இந்த வரியோடுதான் தொடங்குகின்றன. பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்த பயம் இது.

தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர் என்ற நம் முறையில்தான் 1996 மே முதல் 1999 ஏப்ரல் வரை நான்கு ஒன்றிய ஆட்சிகள் கவிழ்ந்தன. கடைசி ஆட்சி விழுந்தது ஒரே ஒரு வாக்கில். ஓரிடத்தில் வாக்குகளைக் குவித்து வைத்திருக்கும் கட்சியை இந்த முறை தடுப்பதே இல்லை. சேரிசேரியாகப் பரவிக் கிடக்கும் வாக்கைத்தான் அது தண்டிக்கிறது.

2014 உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். சுமார் 42% வாக்கு வாங்கிய பாஜகவுக்கு 80 இடங்களில் 71. கிட்டத்தட்ட 20% வாங்கிய பகுஜன் சமாஜுக்கு ஒன்றுகூட இல்லை. விகிதாச்சாரப்படி 16 கிடைத்திருக்கும்.

சரி, ஆட்சி கவிழாதா? விகிதாச்சார ஜெர்மனியில் 1949 முதல் 2021 வரை எட்டே பிரதமர்கள். ஒருவரை இறக்க வேண்டுமென்றால் அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அது பலித்தது ஒரே முறை, 1982இல்.

ஆனால் ஜெர்மனியின் 5% வாசலை அப்படியே இங்கே நட்டுவிடக் கூடாது. 2014இல் பகுஜன் சமாஜின் நாடளாவிய வாக்கு சுமார் 4%தான். அங்கேயும் வெளியே நிற்க வேண்டியிருக்கும். வாசலை மாநில அளவில் வைக்கச் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டும்.