800 ரூபாய்த் தாமதக் கட்டணம்: டியூஷன் சென்டர் நிர்வாகிக்கு ஒரு கரும்பு விவசாயியின் மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகன் உங்களிடம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிக்கிறான். அவனுடைய பருவக் கட்டணம் 6,000 ரூபாயை ஜனவரி 5-க்குள் கட்டியிருக்க வேண்டும். பிப்ரவரி 14-இல்தான் கட்டினேன். நாளுக்கு 20 ரூபாய் வீதம் 40 நாளுக்கு 800 ரூபாய் தாமதக் கட்டணம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கவே இந்த மடல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரின் கட்டணமும் கரும்புப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் தனியாக வந்து கேட்காமல் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

டிசம்பர் 18-இல் என் கரும்பு ஆலையில் எடை போடப்பட்டது. வெட்டு உத்தரவு வந்தபிறகு எங்களால் நாள் தள்ள முடியாது. வெட்டிய கரும்பு கிடந்தால் காய்ந்து எடை குறையும். வெட்டுக்கூலியையும் கையோடு கொடுத்தாக வேண்டும். வீட்டில் இருந்த ரொக்கம் அதற்கே போய்விட்டது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு பெற்ற 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். அப்படித் தந்திருந்தால் ஜனவரி 1-ஆம் தேதியே என் கணக்கில் பணம் ஏறியிருக்கும். உங்கள் கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பே கட்டியிருப்பேன். ஏறியது பிப்ரவரி 13-இல். எடைச் சீட்டின் நகலையும் வங்கிப் புத்தகத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் சங்கடமும் தெரியும். ஆசிரியர் சம்பளமும் கட்டட வாடகையும் ஆலைக்காகக் காத்திருக்காது. கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட நான் குறைத்துக் கேட்கவில்லை. இந்த 800 ரூபாயைப் பற்றித்தான் பேச்சு. 6,000 ரூபாய்க்கு 40 நாளில் 800 என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 122 சதவீத வட்டி. (கந்துவட்டி என்று சொல்ல வரவில்லை, நாளுக்கு 20 ரூபாய் என்று எழுதும்போது யாரும் இப்படிப் பெருக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.) 14 நாள் கடந்து பணம் தரும் ஆலை எங்களுக்குத் தர வேண்டிய வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம். அதுவும் ஆணையில் இருப்பதோடு சரி, என் கணக்குக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த ஆண்டுக்கும் ஒன்று கேட்கிறேன். கரும்பு வீட்டுப் பிள்ளைகள் எடைச் சீட்டைக் காட்டினால், ஆலைப் பணம் ஏறிய ஒரு வாரத்துக்குள் கட்டலாம் என்று விதியில் சேர்த்துவிடுங்கள். சீட்டில் தேதியும் எடையும் இருப்பதால் பொய் சொல்லி ஏமாற்ற வழியில்லை.

முழுத் தொகையையும் தள்ள முடியாதென்றால், ஆலைக்கு உள்ள அதே 15 சதவீதத்தை எனக்கும் போடுங்கள். 40 நாளுக்கு 99 ரூபாய் வருகிறது. மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், ரசீது போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மாணவனின் தந்தை