விளையாடுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர்: ஒரு மலையகக் கைத்தொலைபேசி விளையாட்டின் கணக்கு

கூகுள் பிளேயில் ஒரு செயலியை வெளியிடும்போது திரும்பிப் போக முடியாத ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. விலை வைத்து வெளியிட்ட செயலியைப் பின்னர் இலவசமாக்கலாம். ஆனால், இலவசமாக வெளியிட்டதற்குப் பிறகு விலை வைக்க முடியாது. வேறு பெயரில் புதிய செயலியாகத்தான் மீண்டும் போட வேண்டும். அதுவரை சேர்ந்த தரவிறக்கங்களும் மதிப்பீடுகளும் பழையதோடு நின்றுவிடும்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தனியொருவராக விளையாட்டு உருவாக்கிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார். கொழுந்து லொறியை வளைவுகளில் கவிழ்த்துவிடாமல் தொழிற்சாலைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் விளையாட்டு. “விளம்பரம் போட்டா எங்க ஆளுங்க விளையாடுவாங்க அக்கா, ஆனா காசு வராது. வெல போட்டா யாரு வாங்குவாங்க?” என்று என்னிடம் கேட்டார். கேள்வி சரியானது. விளையாடப்போகிறவர்களும் பணம் கொடுக்கக்கூடியவர்களும் ஒரே ஆட்கள் என்று எடுத்துக்கொண்டால் அதற்குப் பதில் கிடைக்காது.

முதலில் விலையைப் பார்ப்போம். 2015 ஜனவரியில் ‘மொனுமென்ட் வலி’ என்ற புகழ்பெற்ற விளையாட்டை உருவாக்கிய லண்டன் நிறுவனம் ஒரு தகவலை வெளியிட்டது. அன்ட்ரொயிட்டில் நிறுவப்பட்ட பிரதிகளில் 5 வீதத்துக்கு மட்டுமே பணம் செலுத்தப்பட்டிருந்தது, ஐபோனில் அது 40 வீதம். ஒருவரே வாங்கிப் பல கருவிகளில் நிறுவிக்கொள்வதும் இதில் அடங்கும் என்று அவர்களே விளக்கமும் கொடுத்தார்கள். ஆகவே, மீதி 95 வீதமும் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனாலும் செய்தி தெளிவானது. அடுத்த ஆண்டு ‘அல்ட்டோஸ் அட்வென்ச்சர்’ என்ற கனேடிய விளையாட்டு அன்ட்ரொயிட்டுக்கு வந்தது. ஐபோனில் விலைக்கு விற்கப்பட்ட அதே விளையாட்டு இங்கே இலவசம். வருமானத்துக்கு விளம்பரமும் உள்கொள்வனவும். பொருள் ஒன்றுதான், சந்தைக்கேற்ப வழி மாறியது.

மலையகத்தில் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியே பெரும்பான்மை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. விளையாட்டுக்கு 300 ரூபா விலை வைத்தால், அந்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். வீட்டில் ஒரு தொலைபேசியை நான்கு பேர் பாவிப்பார்கள். நன்றாயிருக்கும் விளையாட்டு ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குக் கோப்பாகவே போய்ச் சேர்ந்துவிடும், கடைக்கு யாரும் போகமாட்டார்கள். முன்கூட்டிய விலை இங்கே விளையாடுபவர்களைத் தடுக்குமே தவிர வருமானத்தைத் தராது.

அப்படியென்றால் விளம்பரமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் முறை விளம்பரம் காட்டினால் கிடைக்கும் தொகையைத்தான் eCPM என்கிறார்கள். அது பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்துப் பெரிதும் மாறும். கனடாவில் இருப்பவரிடம் பொருள் விற்க விளம்பரதாரர் கொடுக்கும் பணத்தை மஸ்கெலியாவில் இருப்பவருக்காகக் கொடுக்கமாட்டார். இங்கே அது 30 சதம் (அமெரிக்க சதம்) என்று ஓர் ஊகத்துக்கு வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஆயிரம் பேர் விளையாடி, ஒவ்வொருவரும் இரண்டு விளம்பரம் பார்த்தால், இரண்டாயிரம் காட்சிகள். நாளுக்கு 60 சதம், மாதத்துக்கு 18 டொலர். கூகுளின் அட்மொப் சேவை 100 டொலர் சேர்ந்த பிறகுதான் பணத்தை அனுப்பும். முதல் தொகையைப் பார்க்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். வங்கிக் கழிவு வேறு.

டொலர் ஒன்றை 300 ரூபா என்று வைத்தால் அந்த 18 டொலர் 5,400 ரூபா. ஆண்டுக்கு முதல் பத்து இலட்சம் டொலர் வருமானம்வரை கூகுளின் பங்கு 15 வீதம் என்பதால், 300 ரூபாக் கொள்வனவு ஒன்றில் உருவாக்கியவருக்கு வருவது 255 ரூபா. அதாவது, நாள்தோறும் ஆயிரம் பேர் விளையாடி வரும் மாத வருமானத்தை 22 பேர் வாங்கினாலே எட்டிவிடலாம். அந்த 22 பேரும் இலங்கையில் இருக்க வேண்டியதில்லை. நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை வைக்கக் கூகுள் பிளே அனுமதிக்கிறது. ரொறன்ரோவில் நான்கு கனேடிய டொலர் கொடுத்து ஒருவர் வாங்கினால், வரியை விட்டுப் பார்க்கும்போது, இங்கே ஏறக்குறைய மூன்று பேர் வாங்கியதற்குச் சமம்.

புலம்பெயர்ந்த தமிழர் தமிழ் விளையாட்டு ஒன்றுக்குப் பணம் கொடுப்பார்களா என்ற சந்தேகம் நியாயமானது. 2023 ஜூலை 31 அன்று ரொறன்ரோவின் விசாய் கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’ கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலைப் பற்றியது. 15 டொலர் அளவில் முன்கூட்டிய விலை, விளம்பரம் எதுவும் இல்லை. மறு ஆண்டு பாஃப்டா விருதும் பெற்றது. ஆனால் அதைக் கைத்தொலைபேசிக்கு அளவுகோலாக்கக் கூடாது. கணினியிலும் கேம் கொன்சோலிலும் விளையாடுபவர்கள் விலை கொடுத்துப் பழகியவர்கள். எக்ஸ்பொக்ஸ் கேம் பாஸ் சந்தாவிலும் முதல் நாளே அது சேர்க்கப்பட்டிருந்தது. ஊருக்குப் பணம் அனுப்பப் பழகிய நம்மவர்களும் கைத்தொலைபேசிச் செயலிக்குப் பணம் கொடுத்துப் பழகவில்லை.

உள்கொள்வனவில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாணயம், வைரம் என்று திரும்பத் திரும்ப விற்பது ஒன்று. மிகச் சிலர் மிக அதிகமாகச் செலவழிப்பதில் ஓடும் வியாபாரம் அது. ஓயாமல் புதிய பொருட்களையும் கட்டங்களையும் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தனியொருவரால் முடியாது. பிள்ளைகளின் கையில் தொலைபேசி இருக்கும் வீடுகளில் அதைச் செய்யவும் கூடாது என்பது என் கருத்து. மற்றது, ஒரே தடவை பணம் செலுத்தி முழு விளையாட்டையும் திறந்துகொள்வது. விளையாட்டு இலவசமாகப் பரவும். விரும்புகிறவர் மட்டும் விலை கொடுப்பார்.

அந்த இளைஞருக்கு இதைத்தான் சொன்னேன்: முதல் பத்துப் பாதைகள் இலவசம், மீதிக்கு ஒரே ஒரு கொள்வனவு. வாங்க முடியாதவர் விரும்பினால் ஒரு காணொளி விளம்பரத்தைப் பார்த்து அடுத்த பாதையைத் திறக்கலாம். இடையில் திடீரென முழுத் திரையையும் மறைக்கும் விளம்பரம் வேண்டாம். எங்கள் பகுதிகளில் அதைத் தவிர்க்க டேட்டாவை நிறுத்திவிட்டுத்தான் விளையாடுவார்கள், அப்போது அந்த விளம்பரத்தால் ஒரு சதமும் வராது. காணொளிக்குச் செலவாகும் டேட்டாவும் விளையாடுபவரின் ரீலோட்டில்தானே போகிறது?

ஆரம்பத்தில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, உதவி செய்வதாக நினைத்து நண்பர்கள் விளம்பரத்தை அழுத்திக்கொண்டே இருப்பது. ஒரே ஊரிலிருந்து சிறிய எண்ணிக்கையான தொலைபேசிகளில் அழுத்தங்கள் குவிந்தால் கூகுள் அதைப் போலி நடமாட்டமாகக் கருதிக் கணக்கை முடக்கலாம், சேர்ந்த பணமும் போகும். வெளியிடும்வரை கூகுள் தரும் பரிசோதனை இலக்கமான `ca-app-pub-3940256099942544/5224354917` என்பதையே பாவிக்க வேண்டும். மற்றது, பிள்ளைகளையும் இலக்கு வாசகராகக் குறிப்பிட்டால் குடும்பங்களுக்கான விதிகள் பொருந்தும். ஆர்வத்தை அறிந்து காட்டும் விளம்பரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது, அதனால் மேலே போட்ட 30 சதம் இன்னும் குறையும்.

என் கணக்கிலுள்ள எண்களில் நம்பக்கூடாதது அந்த 30 சதம்தான். வெளியிட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு அட்மொப் அறிக்கையில் eCPM என்பதை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் உண்மை எண் தெரியும். பக்கத்திலேயே, திறந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதை இலங்கைக்கும் கனடாவுக்கும் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும். கனடாவிலும் நூற்றுக்கு ஒருவர்கூட வாங்கவில்லை என்றால், பத்தாவது பாதைக்கு முன்பே விளையாட்டை விட்டுப் போகிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படிப் போகிறார்கள் என்றால் விலையை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை, முதல் பத்துப் பாதைகளைத்தான் மாற்ற வேண்டும்.