திரை மட்டும் கறுப்பா?

“குரல் நல்லா கேக்குது. ஆனா ஸ்கிரீன் கறுப்பா இருக்கே!” மேக் கணினியிலிருந்து இணையக் கூட்டத்தில் திரையைப் பகிர்பவர்கள் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். எதிர்முனையில்தான் கறுப்புப் பெட்டி, அல்லது வெறும் வால்பேப்பர்.

உடனே பழி வைஃபை மேல் விழும், பாவம். வைஃபை மோசமென்றால் குரலும் விட்டு விட்டுக் கேட்கும், படம் மங்கும். குரல் தெளிவாக இருந்து திரை மட்டும் கறுப்பென்றால், அனுமதியை முதலில் பாருங்கள்.

2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, நீங்கள் அனுமதி தராமல் எந்தச் செயலியும் மற்றச் செயலிகளின் சன்னல்களைப் படம்பிடிக்க முடியாது. உங்கள் வங்கிக் கணக்கையோ வாட்ஸ்அப் உரையாடலையோ ஏதோ ஒரு செயலி சத்தமில்லாமல் பதிவுசெய்துவிடக் கூடாது அல்லவா?

தோழி ஒருத்திக்கு வேலை நேர்காணல். புது மேக்கில் முதன்முறையாகப் பகிரும் பொத்தானைத் தட்டியதும் அனுமதிப் பெட்டி வந்தது. பதற்றத்தில் Deny-யை அழுத்திவிட்டாள். எதிரே மூவர், அவர்கள் திரையில் கறுப்பு. System Settings சென்று, Privacy & Security-க்குள் Screen & System Audio Recording பகுதியில் அந்தக் கூட்டச் செயலியின் பொத்தானை இயக்கினாள். பழைய பதிப்புகளில் இதன் பெயர் Screen Recording மட்டுமே. ஆனாலும் கறுப்பு போகவில்லை.

காரணம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்குப் புது அனுமதி பொதுவாகப் போய்ச் சேராது. Quit & Reopen கொடுத்து மூடித் திறக்க வேண்டும். மூடினால் கூட்டத்திலிருந்து வெளியேறிவிடுவோமே! அவள் முதலில் கைத்தொலைபேசி வழியாக அதே கூட்டத்தில் சேர்ந்தாள். “ஒரு நிமிடம், கணினியில் மறுபடி வருகிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் மேக்கில் மூடினாள். திரும்பி வந்ததும் சிலைடு தெரிந்தது. அதற்கும் நேரமில்லை என்றால், சிலைடுகளை மின்னஞ்சலில் அனுப்பி, அவர்களையே திறக்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் உலாவி வழியாகச் சேர்பவர்கள் கூட்டச் செயலியின் பெயரைப் பட்டியலில் தேடிக் குழம்ப வேண்டாம். அனுமதி வேண்டியது குரோம் போன்ற அந்த உலாவிக்குத்தான். அலுவலக மேக்கில் இந்தப் பொத்தானைத் தொட்டால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கலாம். ஐடி பிரிவினரிடம் முந்தின நாளே சொல்லி வைப்பது நல்லது. கூட்டம் தொடங்கிய பிறகு அவர்களைப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும்.

பொத்தான் இயங்கியும் கறுப்பாகவே இருக்கிறதா? செயலியைப் புதுப்பித்த பிறகு பழைய அனுமதி ஒட்டாமல் போவதுண்டு. பட்டியலில் அந்தப் பெயரைத் தேர்ந்து, கீழுள்ள கழித்தல் குறியால் நீக்கி, கூட்டல் குறியால் மறுபடி சேருங்கள். செக்கோயா பதிப்பில் அவ்வப்போது அனுமதியைத் திரும்பக் கேட்பார்கள். அப்போதும் படித்துப் பார்த்தே அழுத்துங்கள்.

குடும்பத்தோடு நெட்ஃபிளிக்ஸ் படத்தைப் பகிரும்போது படம் ஓடும் இடம் மட்டும் கறுப்பாகி, சுற்றியுள்ளவை தெரிந்தால், அது வேறு கதை. காப்புரிமைக்காக வைத்த பூட்டு அது, இந்தப் பொத்தானால் திறக்காது.